சுகர் இறங்கியாச்சே, இன்சுலினை நிறுத்தலாமா? டி.கே.ஏ. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நர்சிங் மாணவர்களுக்கும் வார்டில் பாடம் எடுக்கிறேன். டயபட்டிக் கீட்டோஅசிடோசிஸ், சுருக்கமாக டி.கே.ஏ., ஒரு நோயாளிக்கு வந்துவிட்டால் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நோயாளியின் வீட்டாரும் அதையேதான் வேறு வார்த்தையில் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். அளவுகள் பெரியவர்களுக்கானவை. சிகிச்சை எல்லாமே ஆஸ்பத்திரியில், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே செய்வது. வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் இது இல்லை.

சுகர் ரொம்ப ஏறிப்போச்சுன்னா, அதுதானே டி.கே.ஏ.?

இல்லை. சர்க்கரை 600 இருந்தும் டி.கே.ஏ. இல்லாதவர்கள் உண்டு, 190 இருந்தும் டி.கே.ஏ. ஆனவர்கள் உண்டு. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: சர்க்கரை நோய் (200க்கு மேல், அல்லது ஏற்கெனவே நோய் இருப்பவர்), ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோன் 3 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், அப்புறம் அமிலம், அதாவது pH 7.3க்குக் கீழே அல்லது பைகார்பனேட் 18க்குக் கீழே.

இந்த மூன்றில் சர்க்கரைதான் உடனே கண்ணில் படும், ஏனென்றால் விரலில் குத்தினால் அரை நிமிடத்தில் எண் வந்துவிடும். அதனாலேயே எல்லோரும் அந்த எண்ணைத் துரத்துகிறார்கள். கீழே வரும் பாதிக் குழப்பங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இன்சுலின் இல்லைன்னா சர்க்கரை ஏறும், சரி. அமிலம் எங்கிருந்து வருது?

கொழுப்பிலிருந்து. இன்சுலின் என்றால் சர்க்கரையை செல்லுக்குள் அனுப்புவது என்று மட்டும் நினைக்கிறோம். அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது: கொழுப்பு செல்களின் குழாயை மூடி வைத்திருப்பது. இன்சுலின் போய்விட்டால் அந்தக் குழாய் திறந்துகொள்ளும், கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கொட்டி கல்லீரலுக்குப் போகும். கல்லீரலிலும் ஒரு கதவு உண்டு. சாதாரண நாளில் மலோனைல் கோஏ என்ற பொருள், கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடாமல் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கும். இன்சுலின் குறைந்து, அதற்கு எதிராக வேலை செய்கிற குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறும்போது மலோனைல் கோஏ குறைந்துவிடும், கதவு திறந்துவிடும். உள்ளே போன கொழுப்பு எரிந்து அசிடைல் கோஏ ஆகக் குவியும், குவிந்ததைக் கல்லீரல் கீட்டோனாக மாற்றி வெளியே அனுப்பும்.

கீட்டோன் விஷம் கிடையாது. பட்டினி கிடக்கும்போது மூளைக்கே அதுதான் எரிபொருள். பட்டினியில் கொஞ்சமாவது இன்சுலின் சுரந்துகொண்டிருப்பதால் குழாய் ஓரளவுக்கு மேல் திறக்காது, டி.கே.ஏ.யில் அந்தப் பிரேக் இல்லை. உண்டாகிற கீட்டோ அமிலம் ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டுப் போகும், அதைச் சமாளிக்க பைகார்பனேட் செலவாகும், அது தீரத் தீர pH இறங்கும்.

டைப் 2காரருக்கு 700 இருந்துச்சு, கீட்டோன் ஒண்ணுமே இல்லையே? அது எப்படி?

கொழுப்புக் குழாயை மூட மிகக் கொஞ்சம் இன்சுலின் போதும். தசைக்குள் சர்க்கரையைத் தள்ள அதைவிடப் பல மடங்கு வேண்டும். டைப் 2இல் பெரும்பாலும் முதல் வேலைக்குப் போதுமானது மிச்சம் இருக்கும், இரண்டாவது வேலைக்குப் போதாது. அதனால் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, உடம்பு வற்றி, நினைவு தப்பும், அமிலம் மட்டும் சேராது. அந்த நிலைக்கு ஹெச்.ஹெச்.எஸ். என்று வேறு பெயர்.

கடும் தொற்று, மாரடைப்பு மாதிரி ஏதாவது வந்தால் டைப் 2காரருக்கும் டி.கே.ஏ. வரும். 'டைப் 2 தானே' என்று கீட்டோன் பார்க்காமல் விடுவது தவறு. இந்தப் பதிலை மறக்க வேண்டாம், சிகிச்சையின் நடுவில் இது திரும்ப வரும்.

ரெண்டு நாளா சாப்பிடவே இல்லை, வாந்தி வேற. அப்புறம் எதுக்கு இன்சுலின்?

டைப் 1 உள்ளவர்களை டி.கே.ஏ.க்குக் கொண்டுபோய் விடுவதில் இந்த நியாயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இவரை வைத்தே பேசலாம். வயது 22, கல்லூரி மாணவி, எடை 50 கிலோ, டைப் 1. காய்ச்சல், வாந்தி. சாப்பிடவில்லை, ஊசி போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று பயந்து இரண்டு நாள் நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, நாக்கு வறண்டு, பாதி மயக்கத்தில் வருகிறார். சர்க்கரை 486.

சாப்பிடாமலே 486 எப்படி? காய்ச்சல் வந்ததும் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் எல்லாம் ஏறிவிடும், அவை கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லும். இன்சுலின் இல்லாததால் கொழுப்புக் குழாயும் திறந்தாயிற்று. ஆகவே காய்ச்சல் நாளில் இன்சுலின் தேவை கூடுமே தவிரக் குறையாது. சாப்பாட்டு நேரத்து ஊசியைச் சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடி குறைக்கலாம், மாற்றலாம். நாள் முழுக்க வேலை செய்கிற அடிப்படை இன்சுலினை டைப் 1 உள்ளவர் ஒரு நாளும் முழுசாக நிறுத்தக் கூடாது. வாந்தி நிற்கவில்லை என்றால் கீட்டோன் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

மூச்சு இப்படி வாங்குதே, நிமோனியாவா?

இருக்கலாம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நெஞ்சில் சத்தம் தெளிவாக, ஆக்சிஜன் அளவு 98 என்று இருந்து, மூச்சு ஆழமாக, ஓடி வந்தவர் மாதிரி, பேசும்போதுகூட நிற்காமல் போனால் அது குஸ்மால் மூச்சு. அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1874இல் இதை விவரித்தார். ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்க உடம்புக்கு உடனே கிடைக்கிற ஒரே வழி கரியமில வாயுவை ஊதி வெளியே தள்ளுவதுதான். பழுத்த பழ வாசனை என்பார்களே, அது மூச்சில் வரும் அசிட்டோன்.

போதுமான அளவு ஊதுகிறாரா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். pCO2 என்பது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவின் அளவு, HCO3 என்பது பைகார்பனேட்:

```
எதிர்பார்க்கும் pCO2 = 1.5 × HCO3 + 8   (± 2)
```

நம் நோயாளிக்கு பைகார்பனேட் 6, ஆக pCO2 17 இருக்க வேண்டும். ரத்த வாயுப் பரிசோதனையான ஏபிஜியில் 17 தான், pH 7.17. நுரையீரல் தன் வேலையைச் செய்கிறது. அதே ஆளுக்கு pCO2 30 என்று வந்திருந்தால்? பார்க்கிறவர்கள் 'மூச்சு அமைதியாகிவிட்டதே' என்று நிம்மதி அடைவார்கள், உண்மையில் அவர் களைத்துப்போகிறார், அல்லது நுரையீரலில் வேறு கோளாறு சேர்ந்திருக்கிறது. இந்த நோயாளிக்கு மூச்சுக் குழாய் போட நேர்ந்தால் வென்டிலேட்டரைச் சாதாரண வேகத்தில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அவர் நிமிடத்துக்கு 30 முறை ஆழமாக ஊதிக்கொண்டிருந்ததை இயந்திரம் 14 ஆக்கினால் pH சரசரவென்று விழுந்துவிடும்.

வயிறு இப்படி வலிக்குதே, சர்ஜனைக் கூப்பிடணுமா?

அமிலமே வயிற்று வலியையும் வாந்தியையும் கொண்டுவரும். அமிலம் எவ்வளவு மோசமோ வலியும் அந்த அளவுக்கு இருக்கும், சிகிச்சை தொடங்கிச் சில மணி நேரத்தில் அமிலத்தோடு சேர்ந்தே தணியும். பைகார்பனேட் 16, 17 என்று லேசாக இருக்கும்போதே வலி கடுமையாக இருந்தாலோ, அமிலம் இறங்கிய பிறகும் வலி தணியாமல் இருந்தாலோ வயிற்றில் வேறு காரணம் தேட வேண்டும். வெள்ளணு எண்ணிக்கை தொற்று இல்லாமலே 15,000 வரை ஏறும், 25,000ஐத் தாண்டினால் தொற்றைத் தேடுங்கள். காய்ச்சல் இல்லாததை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பொட்டாசியம் 5.4, அதிகமா இருக்கே. இன்னும் பொட்டாசியம் போடச் சொல்றீங்களா?

ரிப்போர்ட் காட்டுவது ரத்தத்தில் இருப்பதை மட்டும். உடம்பின் பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது, அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதை உள்ளே வைத்திருக்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் இல்லை, போதாததற்கு ரத்தத்தில் சர்க்கரை அடர்த்தியாகி செல்லிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, தண்ணீரோடு பொட்டாசியமும் வெளியே வருகிறது. வெளியே வந்தது சிறுநீரில் போகிறது, வாந்தியிலும் போகிறது. கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிமோல் வரை இழந்திருப்பார்கள். நம் நோயாளிக்கு 150 முதல் 250. ஆக வீட்டுக்குள் இருந்த சாமானெல்லாம் வாசலில் கிடக்கிறது, பாதி திருடும் போய்விட்டது, வாசலை மட்டும் பார்த்து 'நிறைய இருக்கிறதே' என்கிறோம்.

இன்சுலின் போட்டதும் வாசலில் இருப்பது உள்ளே ஓடும், ரத்த அளவு இரண்டு மணி நேரத்தில் சரியும். இதயத்துடிப்பு தாறுமாறாவதும் மூச்சுத் தசைகள் தளர்வதும் அப்போதுதான். அதனால் விதி இப்படி: 3.5க்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தொடங்கவே கூடாது, முதலில் பொட்டாசியம். 3.5 முதல் 5 வரை இருந்தால் இன்சுலின் ஓடட்டும், ஒவ்வொரு லிட்டர் ட்ரிப்பிலும் 10 முதல் 20 மில்லிமோல் சேர்க்க வேண்டும், சிறுநீர் போகிறதா என்று உறுதி செய்துகொண்டு. 5க்கு மேல் என்றால் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள். நம் நோயாளிக்கு 5.4, எனவே காத்திருந்தோம். இரண்டு மணி நேரத்தில் 4.2, அங்கிருந்து சேர்க்கத் தொடங்கினோம். பொட்டாசியம் ஆம்ப்யூலை ஒருபோதும் நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, பாட்டிலில் கலந்து மெதுவாக மட்டுமே.

முதல்ல சலைனா, இன்சுலினா?

சலைன். சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டியதும் சிறுநீரில் வழியத் தொடங்கும், தண்ணீரையும் உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கிலோவுக்குச் சுமார் 100 மி.லி. போயிருக்கும் என்று வைத்தால் நம் நோயாளிக்கு 5 லிட்டர் பாக்கி. முதல் சில மணி நேரம் மணிக்கு 500 முதல் 1000 மி.லி., இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்குக் குறைவாக. சலைன் ஏறினாலே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும், ரத்தம் நீர்த்துவிடுகிறது, சிறுநீரகம் மறுபடி வேலை செய்து சர்க்கரையை வெளியேற்றுகிறது.

இன்சுலினை முதலில் கொடுத்தால் சர்க்கரையோடு தண்ணீரும் செல்லுக்குள் போய், ஏற்கெனவே தாழ்ந்த ரத்த அழுத்தம் இன்னும் தாழும். பொட்டாசியம் தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். சலைன் ஓட ஆரம்பித்து, பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட், அதாவது இவருக்கு மணிக்கு 5 யூனிட்.

சுகர் 218க்கு வந்தாச்சு. இன்சுலினை நிறுத்திடலாமா?

கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். ஐந்தாவது மணி நேரத்தில் நம் நோயாளியின் சர்க்கரை 486இலிருந்து 218. நல்லது. இப்போது ஆனயான் கேப் போட்டுப் பாருங்கள், அதாவது ரத்தத்தில் நாம் அளக்காத அமிலத்தின் நிழல். சாதாரணமாக அது 12க்குள் இருக்கும்.

```
ஆனயான் கேப் = Na − (Cl + HCO3)
வந்தபோது:    130 − (94 + 6)   = 30
5 மணி நேரம்:  137 − (108 + 11) = 18
```

சர்க்கரை பாதிக்கும் கீழே வந்துவிட்டது, அமிலம் இன்னும் பாக்கி. காரணம், சர்க்கரை இறங்க மூன்று வழிகள் இருக்கின்றன: சலைன், சிறுநீர், இன்சுலின். கொழுப்புக் குழாய் மூட ஒரே வழிதான் இருக்கிறது, அது இன்சுலின். இப்போது நிறுத்தினால் குழாய் மறுபடி திறக்கும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு இரவுப் பணியில் சர்க்கரை 140 பார்த்ததும் இன்சுலின் பம்பை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் அந்த நோயாளி மறுபடி ஆழமாக மூச்சு வாங்க ஆரம்பித்தார், சர்க்கரை அப்போதும் 200ஐத் தாண்டவில்லை, அதனால் யாருக்கும் உடனே புரியவில்லை. அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, என்ன செய்வது? சர்க்கரை 250க்குக் கீழே வந்ததும் ட்ரிப்பில் டெக்ஸ்ட்ரோஸைச் சேர்க்க வேண்டும், இன்சுலினைக் கிலோவுக்கு மணிக்கு 0.05 யூனிட்டாகப் பாதியாக்கலாம். சர்க்கரையை 200 பக்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டு இன்சுலின் தொடர்ந்து ஓடட்டும். 'சர்க்கரை நோயாளிக்கு ஏன் டெக்ஸ்ட்ரோஸ்?' என்று வீட்டார் பதறுவார்கள். இன்சுலினை நிறுத்தாமல் இருப்பதற்காகத்தான் அது என்று சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியில் சொன்னது இங்கே உதவுகிறது: குழாயை மூடக் கொஞ்சம் இன்சுலின் போதும், அது விடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

யூரின் கீட்டோன் காலையில ரெண்டு பிளஸ், இப்ப மூணு பிளஸ். மோசமாகுதா?

பெரும்பாலும் இல்லை. சிறுநீர்ப் பட்டை அசிட்டோ அசிட்டேட் என்ற கீட்டோனை மட்டும் காட்டும். டி.கே.ஏ.யில் அதைவிடப் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இருக்கும், பட்டைக்கு அது தெரியவே தெரியாது. சிகிச்சை பலிக்கும்போது அது அசிட்டோ அசிட்டேட்டாக மாறும், பட்டை இன்னும் அடர்த்தியாக ஊதா காட்டும். அதனால் கண்டுபிடிக்கப் பட்டை உதவும், தொடர்ந்து கவனிக்க உதவாது. ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் அது, இல்லையென்றால் ஆனயான் கேப்.

கேப் மூடிருச்சு, பைகார்பனேட் மட்டும் 16லயே நிக்குது. இன்னும் டி.கே.ஏ. போகலையா?

நம் நோயாளிக்கும் 14ஆவது மணி நேரத்தில் இதுதான் நடந்தது: சோடியம் 139, குளோரைடு 113, பைகார்பனேட் 16. கேப் 10. pH 7.31, ரத்தக் கீட்டோன் 0.5. கீட்டோன் 0.6க்குக் கீழே, pH 7.3ஐத் தொட்டாயிற்று, டி.கே.ஏ. போய்விட்டது.

மிச்சம் இருப்பது குளோரைடால் வரும் அமிலம். ரத்தத்தில் தங்கியிருக்கும் கீட்டோன் எரியும்போது பைகார்பனேட்டாகத் திரும்பி வரும். ஆனால் ஒரு பகுதி சிறுநீரில் போய்விட்டது, அந்தப் பைகார்பனேட் திரும்ப வராது. அந்த இடத்தில் நாம் கொடுத்த சலைனின் குளோரைடு உட்கார்ந்துகொண்டது. சிறுநீரகம் ஓரிரு நாளில் சரிசெய்துவிடும். இதற்காக இன்சுலினை ஏற்ற வேண்டாம்.

அமிலம்தான் பிரச்சினைன்னா நேரா பைகார்பனேட் ஊசியே போட்டா என்ன?

அமிலம் ஊறுகிற இடம் கொழுப்பு, அதை மூடுவது இன்சுலின். மூடினால் பைகார்பனேட் தானாகத் திரும்பும். ஊசி போட்டால் பொட்டாசியம் இன்னும் வேகமாக உள்ளே ஓடும், உண்டாகும் கரியமில வாயுவையும் களைத்த நுரையீரல்தான் ஊத வேண்டும். pH 7.0க்குக் கீழே போனால் மட்டும் கொடுப்பதுண்டு, அதுவும் மெதுவாக.

சுகர் 190 தான். இதைப் போய் டி.கே.ஏ.ன்னு சொல்றீங்க?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீரில் கழியவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை தாழ்வதால் உடம்பு இன்சுலினைக் குறைக்கும், வெளியிலிருந்து போடுபவர்களும் டோஸைக் குறைப்பார்கள், குளுக்ககான் ஏறும், கொழுப்புக் குழாய் திறக்கும். ஏறின சர்க்கரை மட்டும் வழிந்துபோய்க்கொண்டே இருக்கும். கர்ப்பத்திலும் நீண்ட பட்டினியிலும் இப்படி வரலாம். வாந்தி, மூச்சு வாங்குதல், இந்த மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் கீட்டோன் பாருங்கள். சிகிச்சை அதேதான், டெக்ஸ்ட்ரோஸ் முதலிலிருந்தே வேண்டும். ஆபரேஷனுக்கு முன் இந்த மாத்திரைகளை மூன்று நாள் நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

குழந்தைக்கும் இதே முறையா?

அடிப்படை அதே, எச்சரிக்கை கூடுதல். குழந்தைகளுக்கு மூளை வீங்கும் ஆபத்து உண்டு, அதனால் இன்சுலினை மொத்தமாக ஒரே ஊசியாகக் கொடுப்பதில்லை, சலைன் தொடங்கிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே ட்ரிப்பாக ஆரம்பிப்போம். நடுவில் தலைவலி, எரிச்சல், தூக்கக் கலக்கம், நாடித்துடிப்பு குறைதல் என்று எது தெரிந்தாலும் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே சிகிச்சை.

சரி, எப்பதான் ட்ரிப்பை எடுத்துட்டு ஊசிக்கு மாறலாம்?

டி.கே.ஏ. போயிருக்க வேண்டும், நோயாளி வாயால் சாப்பிட வேண்டும். அப்புறமும் ஒரு இடறல் இருக்கிறது. நரம்பில் போகும் இன்சுலின் நிறுத்தின சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து மறைந்துவிடும், தோலுக்கடியில் போடும் அடிப்படை இன்சுலின் வேலை செய்யத் தொடங்க ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும். ட்ரிப்பை எடுத்துவிட்டு ஊசி போட்டால் நடுவில் இன்சுலினே இல்லாத இடைவெளி, குழாய் திறந்துவிடும்.

நம் நோயாளிக்குக் காலை ஏழு மணிக்கு அடிப்படை இன்சுலினைப் போட்டுவிட்டு ட்ரிப்பை அப்படியே ஓடவிட்டோம். எட்டு மணிக்கு உணவு நேரத்து ஊசி போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். ஒன்பது மணிக்குப் பம்பை நிறுத்தினோம். பதினொரு மணிக்குப் பார்த்த கீட்டோன் 0.3.